இறுதியாண்டுச் செயற்றிட்டப் பதிவு: தலைப்புக்கு முன் தரவு, கையெழுத்துக்கு முன் நாட்காட்டி

செயற்றிட்டப் பதிவுப் படிவம் பெரும்பாலும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். மேலே தலைப்பு, அதன் கீழே அணி உறுப்பினர் பெயர், பதிவிலக்கம், மேற்பார்வையாளர் பெயர், கையெழுத்து. நடுவில் எங்கோ ‘தேவையான தரவு, அது கிடைக்கும் இடம்’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அணிகள் அந்தக் கட்டத்தைக் கடைசியாக, பதிவு முடிகிற அன்று மத்தியானம், நின்றபடியே நிரப்புகின்றன. பிறகு ஓகஸ்டில் வந்து அழுவதும் அந்தக் கட்டத்துக்காகத்தான்.

இந்த வழிகாட்டி அந்தக் கட்டத்திலிருந்து தொடங்குகிறது. மலையகத்தில் படிக்கிற கணினித் துறை மாணவர் நால்வரின் அணி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கண்டிப் பக்கம் படிக்கிறார்கள். இருவருக்குத் தோட்டத்தில் உறவுக்காரர் இருக்கிறார்கள். தொலைபேசியில் எடுத்த படத்தை வைத்துத் தேயிலை நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பதிவு பெப்ரவரி கடைசியில், இறுதி அறிக்கை நவம்பர் கடைசியில். உங்கள் தலைப்பு மண்சரிவாகவோ பாடசாலை மாணவர் வரவாகவோ இருக்கலாம்; செய்ய வேண்டிய கணக்கு இதுவேதான்.

கைநூலில் தேட வேண்டியவை

விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், ஏன், ஒரே பீடத்தில் திணைக்களத்துக்குத் திணைக்களம் மாறும். போன பெச் அண்ணாமார் சொன்னதை நம்பிப் பதியாதீர்கள். இந்த வருடக் கைநூலை எடுத்து ஐந்து விடயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செயற்றிட்டத்துக்கு எத்தனை கிரெடிட், அணியில் குறைந்ததும் கூடியதும் எத்தனை பேர், யாருக்குப் பதியத் தகுதி இல்லை, யார் மேற்பார்வை செய்யலாம், தலைப்பை மாற்றக் கடைசி நாள் எது.

கிரெடிட் எண்ணிக்கையை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? எஸ்.எல்.கியூ.எஃப். எனப்படும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு, சாதாரண பாடத்தில் ஒரு கிரெடிட்டை 50 மணித்தியால உழைப்பாகவும், ஆய்வில் ஒரு கிரெடிட்டைக் குறைந்தது 100 மணித்தியால உழைப்பாகவும் கணக்கிடுகிறது. ஆறு கிரெடிட் செயற்றிட்டம் என்றால் ஆளுக்கு 600 மணித்தியாலம். தலா பதினைந்து கிழமை கொண்ட இரண்டு செமஸ்டரில் பரப்பினால் கிழமைக்கு 20 மணித்தியாலம் வருகிறது. மற்றப் பாடங்களும் அதே கிழமையில்தான் நடக்கும். இந்த எண்ணை வைத்துத்தான் தலைப்பு பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். அது தெரியாமல் ‘எல்லா நோய்களையும் கண்டுபிடிக்கும் செயலி’ என்று எழுதுகிற அணிக்கு, தான் எவ்வளவு கடன் வாங்குகிறது என்பதே தெரிவதில்லை.

தகுதியில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் வருடப் பாடங்களில் ரிப்பீட் வைத்திருப்பவர் பதியலாமா என்பதைச் சில திணைக்களங்கள் கிரெடிட் கணக்கால் தீர்மானிக்கின்றன. சில, கைத்தொழில் பயிற்சி முடித்த சான்றைக் கேட்கின்றன. அணியில் ஒருவருக்குப் பெறுபேறு இன்னும் வரவில்லை என்றால், ‘வந்துவிடும்’ என்று விடாமல் இணைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிவு முடிந்தபின் நால்வர் மூவரானால், நால்வருக்காக ஒப்புதல் பெற்ற வேலை அப்படியே மூவர் தலையில் விழும்.

நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணுங்கள்

நம் உதாரண அணிக்கு வருவோம். தேயிலையில் நோய் பல. அவர்கள் முதலில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கொப்புள நோயை எடுக்கிறார்கள். 1946இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான பூஞ்சை நோய் அது. குளிரும் ஈரமும் மூட்டமும் சேர்ந்த நாட்களில், இளம் கொழுந்தில் வரும். மலைக்குப் பழகியவர்கள் சொல்கிறபடியே, மழை விடாமல் தூறுகிற காலத்தில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

இங்கேதான் நாட்காட்டி குறுக்கே வருகிறது. தலவாக்கலை, ஹட்டன் பக்கச் சரிவுகள் தென்மேல் பருவக்காற்றின் மழையை வாங்குபவை. அங்கே மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைதான் நோய் நன்றாகத் தெரியும். பதுளை, ஊவாப் பக்கத்துக்கு வருட இறுதியின் வடகீழ் மழைதான் முக்கியம். பெப்ரவரியில் பதிந்த அணி மார்ச்சில் தலவாக்கலைக்குப் போனால், வெயிலில் பளபளக்கிற நல்ல இலைகளைத்தான் படம் எடுத்து வரும். மே மாத இடைக்கால மதிப்பீட்டில் ‘தரவு எங்கே’ என்று கேட்டால், காட்ட ஒன்றும் இருக்காது.

ஆகவே கடைசியிலிருந்து எண்ணுங்கள். நவம்பர் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். மேற்பார்வையாளர் முழு அறிக்கையை வாசித்துத் திருத்தித் தர இரண்டு கிழமை, நீங்கள் திருத்த இரண்டு கிழமை என்று வைத்தால், முழு வரைவு ஒக்டோபர் கடைசியில் அவர் மேசைக்குப் போக வேண்டும். நோயைப் பிரித்தறியும் கணினி மாதிரியைப் பயிற்றவும் சோதிக்கவும் செப்டெம்பரும் ஒக்டோபரும். படம் எடுக்க ஜூன், ஜூலை, ஓகஸ்ட். அப்படியென்றால் தோட்டத்தின் அனுமதி மே மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டையொட்டித் தோட்டமும் அலுவலகமும் ஓய்ந்திருக்கும் நாட்களைக் கழித்துப் பார்த்தால், கடிதம் மார்ச் முதல் கிழமையில் புறப்பட வேண்டும். பதிவுப் படிவம் போகும்போது தோட்டத்தின் வாய்மொழிச் சம்மதமாவது இருந்தாக வேண்டும்.

மார்ச் முதல் மே வரை சும்மா இருக்கப்போவதில்லை. ஏற்கெனவே பொதுவில் கிடைக்கும் இலை நோய்ப் படத் தொகுப்பு ஒன்றை வைத்து முறையைச் சோதிக்கலாம், செயலியின் சட்டகத்தைக் கட்டலாம், படம் எடுக்கும் நெறிமுறையை எழுதி ஒத்திகை பார்க்கலாம். முக்கியமானது, இதைப் பதிவுப் படிவத்தின் காலத் திட்டத்திலேயே எழுதிவிடுவது. ‘இடைக்கால மதிப்பீட்டில் பொதுத் தரவின் முடிவுகள், சொந்தத் தரவு ஜூன் முதல்’ என்று பெப்ரவரியில் எழுதியிருந்தால் மே மாதத்தில் அது திட்டம். எழுதாமல் விட்டால் அதே நிலைமை பின்னடைவு என்று புள்ளியில் குறையும்.

ஒரு நாள் வேலையைக் காகிதத்தில் செய்து பாருங்கள்

தரவுக் கட்டத்தில் ‘தோட்டத்திலிருந்து படங்கள்’ என்று எழுதினால் ஒப்புதல் குழு நிச்சயம் திருப்பி அனுப்பும். எத்தனை, எங்கே, எப்படி என்று சொல்ல வேண்டும். நம் அணி இப்படிக் கணக்குப் போடுகிறது: ஒரே தோட்டத்தில் மூன்று மலை, மலைக்கு 25 செடி, செடிக்கு 4 இலை. ஒரு பயணத்தில் 300 இலை. நான்கு பயணத்தில் 1,200. இலைக்கு இரண்டு நிமிடம் என்றால் 300 இலைக்குப் பத்து மணித்தியாலம். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் படமும் ஒருவர் குறிப்புமாகச் செய்தால் ஐந்து மணித்தியாலம். மத்தியானத்துக்குப் பின் மழை பிடிக்கும் நாட்களில் இது ஒரே நாளில் முடியாது. இரவு தங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் தங்கும் இடத்தையும் இப்போதே யோசியுங்கள்.

இன்னொன்று, தோட்டத்தில் வளராதவருக்குத் தோன்றாதது. ஒரு மலையில் ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுப்பார்கள். நோய் பிடிக்கும் இளம் இலையும் அதோடு கூடைக்குள் போய்விடும். எடுத்த மறுநாள் போனால் உங்களுக்கு முற்றின இலைதான் மிஞ்சும். அதனால் எந்த மலையில் என்றைக்கு எடுப்பு என்பதைக் கணக்கப்பிள்ளையிடமோ பீல்ட் ஒபீசரிடமோ கேட்டு, எடுப்புக்கு முதல்நாள் போக வேண்டும். செப்பு கலந்த மருந்து அடிக்கும் நாட்களையும் கேளுங்கள்; மருந்துப் படிவு இலையில் இருந்தால் படத்தில் அதுவும் ஒரு புள்ளியாகத் தெரியும், மாதிரி அதைத்தான் நோய் என்று படித்துக்கொள்ளும்.

இலையையும் ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். தொடக்கத்தில் குண்டூசித் தலையளவு வெளிறிய புள்ளி. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது மட்டும் எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவும். பிறகு அது வட்டமாகப் பெருக்கும். மேல்பக்கம் குழியும், அடிப்பக்கம் கொப்புளமாக வீங்கும். கடைசியில் அடிப்பக்கம் வெள்ளை வெல்வெட் போலப் பூத்து, வித்துக்களைப் பரப்பும். அதாவது மேல்பக்கத்தை மட்டும் எடுத்த படம் பாதித் தகவல்தான். மேல், அடி, வெளிச்சத்துக்கு எதிரே என்று இலைக்கு மூன்று படம் எடுப்பது என்ற முடிவு இதைப் பார்த்தபின்தான் வரும். அது வந்ததும் 1,200 இலை 3,600 படமாகிறது. சேமிப்பும் பெயரிடலும் அதற்கேற்ப மாறும்.

அனுமதிக் கடிதமும் ஒழுக்கநெறி ஒப்புதலும்

தோட்டத்தில் மாமா வேலை செய்கிறார் என்பது அனுமதி ஆகாது. கடிதம் திணைக்களத் தலைவரின் கையெழுத்தோடு தோட்ட முகாமையாளருக்குப் போக வேண்டும். பெருந்தோட்டக் கம்பனியின் கீழ் உள்ள தோட்டமானால் துரை அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கக்கூடும். கடிதத்தில் எந்த மலைகள், எத்தனை பயணம், எந்த மாதங்கள், எத்தனை பேர், தொழிலாளரின் முகம் படத்தில் விழாது, தோட்டத்தின் பெயரை அனுமதியின்றி வெளியிடமாட்டோம் என்பவை இருக்கட்டும். கடைசி வரிதான் பல இடங்களில் கதவைத் திறக்கிறது. ‘இந்தத் தோட்டத்தில் நோய்’ என்று செய்தி போவதை எந்தத் துரையும் விரும்பமாட்டார். இரண்டாவது தோட்டம் ஒன்றுக்கும் அதே நாளில் கடிதம் அனுப்பிவையுங்கள்.

இலையைப் படமெடுக்க ஒழுக்கநெறி ஒப்புதல் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் ‘செயலியைக் கொழுந்து எடுப்பவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்போம்’ என்று ஒரு வரி சேர்த்தீர்களானால் மனிதர் சம்பந்தப்பட்டுவிட்டார்கள். அப்போது ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். குழு கூடும் நாட்களைப் பார்த்து விண்ணப்பியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும், திருத்தச் சொன்னால் மேலும் தாமதமாகும். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டிச் சாட்சி வாங்கும் முறை இருக்க வேண்டும். துரை பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. பெயர், தொலைபேசி இலக்கம் சேகரித்தால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாததைக் கேட்காமல் விடுவதே எளிது. ஒப்புதல் தேதிக்கு முன் எடுத்த நேர்காணலைப் பிறகு சேர்க்க முடியாது. ஒப்புதல் பின்னோக்கிச் செல்லாது.

நேரம் குறைவென்றால் கருத்துக் கேட்கும் பகுதியை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. படத்தை வைத்து நோயைப் பிரித்தறிவது மட்டுமே 600 மணித்தியாலத்துக்குப் போதுமான வேலை.

மேற்பார்வையாளரைத் தெரிவு செய்தல்

நல்லவரா, கண்டிப்பானவரா என்று விசாரிப்பதற்கு முன், அவர் வருட முடிவு வரை இங்கே இருப்பாரா என்று பாருங்கள். நம் பல்கலைக்கழகங்களில் இது உண்மையான சிக்கல். பயிற்சிநிலை விரிவுரையாளர்கள் முதுமாணி, கலாநிதிப் படிப்புக்காக வெளிநாடு போகிறார்கள். மூத்தவர்களுக்குச் சபட்டிக்கல் விடுமுறை உண்டு. தற்காலிக விரிவுரையாளரின் ஒப்பந்தம் நடுவில் முடிந்துவிடலாம். இவர்களில் யாரையும் கேட்கக்கூடாது என்பதல்ல. நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் பிரதான மேற்பார்வையாளராகவும், நாள்தோறும் கைகொடுக்கும் இளையவர் இணை மேற்பார்வையாளராகவும் இருந்தால், ஒருவர் போனாலும் படிவம் செல்லுபடியாகும்.

அடுத்து, அவருடைய வேலை உங்கள் கேள்விக்குக் கிட்டத்தில் இருக்கிறதா? திணைக்கள நூலகத்தில் கடந்த மூன்று வருட அறிக்கைகளை எடுத்து, அவர் மேற்பார்வை செய்தவற்றின் முதல் பக்கத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் வாசியுங்கள். ‘எதிர்கால வேலை’ என்று அங்கே எழுதியிருப்பவை பெரும்பாலும் அவர் மனத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை. நம் அணிக்குக் கணினிப் பார்வையில் வேலை செய்த ஒருவர் திணைக்களத்தில் வேண்டும், இலை நோய் தெரிந்த ஒருவர் வெளியில் வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. அங்கிருந்தோ விவசாய பீடத்திலிருந்தோ தாவர நோயியல் அறிந்த ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேட்கலாம்.

வெளியாரிடம் கேட்கும்போது ‘உதவி வேண்டும்’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். அவருக்கு அது எவ்வளவு என்று தெரியாது. 1,200 இலைக்கும் அணியில் இருவர் தனித்தனியே நோயா, நல்ல இலையா என்று பெயரிடுவார்கள். இருவரும் ஒத்துப்போகாத இலைகளை மட்டும் அவர் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் போதும், கூடியது 150 இலை, இரண்டு மாலை நேரம் என்று கேளுங்கள். அளவு தெரிந்த வேலைக்கு ஒப்புக்கொள்ள யாருக்கும் தயக்கம் குறைவு.

திணைக்கள விரிவுரையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். யார் நீங்கள், எந்தக் கேள்வி, தரவு எங்கே, இதுவரை என்ன செய்தீர்கள், எப்போது வந்து சந்திக்கலாம். ஒரு பக்கச் சுருக்கத்தை இணையுங்கள். ஒரே நேரத்தில் மூவருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள்; அவர்கள் ஒரே தேநீர் மேசையில் இருப்பவர்கள். ஒருவருக்கு அனுப்பி, ஐந்து வேலைநாள் பார்த்து, நேரில் போய்க் கேட்டு, பிறகு அடுத்தவர். அதனால்தான் இந்த வேலை படிவம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும் என்கிறோம். ஒரு விரிவுரையாளர் இத்தனை அணிதான் எடுக்கலாம் என்ற வரம்பு இருக்கும் திணைக்களத்தில் பிந்தியவருக்கு இடம் இருக்காது.

சந்திப்பில் கேட்க வேண்டியது இரண்டு. ‘சேர், நவம்பர் வரை லீவு ஏதும் இருக்கிறதா? இருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் யாரைச் சந்திக்கட்டும்?’ என்று நேரடியாக, மரியாதையாகக் கேளுங்கள். அடுத்து, ‘மேடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரட்டும், என்ன எழுதிக்கொண்டு வரட்டும்?’ இரண்டுக்கும் தெளிவாகப் பதில் தருகிறவர் கண்டிப்பானவராக இருந்தாலும் நல்ல தெரிவு.

தலைப்பும் ஒப்புதலும்

நம் அணியின் முதல் தலைப்பு: ‘தேயிலை நோய்களைக் கண்டறியும் ஸ்மார்ட் செயலி’. ஒப்புதல் குழு இதைத் திருப்பி அனுப்பும், மூன்று காரணம் சொல்லும். எந்த நோய் என்று இல்லை. ‘கண்டறியும்’ என்பதை எதை வைத்து அளப்பது என்று இல்லை. இலைப் படத்தில் நோய் காண்பது உலகம் முழுக்கச் செய்தாகிவிட்டது, இதில் புதிது என்ன என்று இல்லை.

மூன்றாவதுக்கான பதில் அந்த இலையிலேயே இருக்கிறது. வெள்ளையாகப் பூத்த நிலையை யாரும் கண்ணால் காணலாம். அப்போது வித்து பரவத் தொடங்கிவிட்டது. ஒளி ஊடுருவும் புள்ளி நிலையில் பிடிப்பதுதான் பயன். ஆய்வகத்தில் வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த படங்களில் நன்றாக வேலை செய்யும் முறை, மூட்டமும் ஈரமும் உள்ள மலையில் எவ்வளவு தடுமாறுகிறது என்பதும் நல்ல கேள்வி. ஆகவே தலைப்பு இப்படி மாறுகிறது: ‘தேயிலைக் கொப்புள நோயின் தொடக்க நிலையைத் தோட்டத்தில் எடுத்த தொலைபேசிப் படங்களிலிருந்து பிரித்தறிதல்’. சொல்லில் கவர்ச்சி குறைந்தது. ஆனால் இப்போது எதைச் செய்யவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

அளவீட்டை எழுதும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, குழுவில் விடயம் தெரிந்தவர் அங்கேதான் கை வைப்பார். 1,200 இலையையும் கலக்கி, எண்பது வீதத்தைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் வைத்தால், ஒரே செடியின் இலைகள் இரண்டு பக்கமும் போய்விழும். ஒரே இலையின் மூன்று படங்களும்கூடப் பிரிந்து விழலாம். மாதிரி நோயைப் படிக்காமல் அந்தச் செடியையும் அன்றைய வெளிச்சத்தையும் படித்துக்கொண்டு, மிக உயர்ந்த துல்லியத்தைக் காட்டும். புதிய மலைக்குப் போனால் விழுந்துவிடும். இரண்டு மலையைப் பயிற்சிக்கும் மூன்றாவது மலையை முழுதாகச் சோதனைக்கும் ஒதுக்குவோம் என்று படிவத்திலேயே எழுதுங்கள். துல்லியத்தை மட்டும் சொல்லாமல், நோயுள்ள இலைகளில் எத்தனையைத் தவறவிட்டது என்பதையும் அளவீடாகக் குறியுங்கள். நல்ல இலைகள் பத்தில் ஒன்பது இருக்கிற இடத்தில், எல்லாவற்றையும் ‘நல்ல இலை’ என்று சொல்லும் மாதிரிக்கும் 90 வீதத் துல்லியம் கிடைத்துவிடும்.

குழுவின் பதில் மூன்று வகையில் வரும்: ஒப்புதல், திருத்தத்தோடு ஒப்புதல், நிராகரிப்பு. திருத்தம் கேட்டால் கருத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, எதை எந்தப் பக்கத்தில் எப்படி மாற்றினோம் என்று தனித்தாள் ஒன்றில் எழுதி இணையுங்கள். உடன்படாத கருத்துக்கும் காரணத்தோடு பதில் எழுதுங்கள்; பேசாமல் விடுவதுதான் குற்றமாகப் படும்.

அணிக்குள் எழுதிக்கொள்ள வேண்டியவை

நட்பால் சேர்ந்த அணியில் எழுதிக் கையெழுத்திடுவது கூச்சமாக இருக்கும். கூச்சப்படாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். வேலையைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு கேள்வியைக் கொடுங்கள். ஒருவர் படம் எடுக்கும் நெறிமுறையும் தரமும், ஒருவர் பெயரிடலும் இருவர் ஒத்துப்போகும் அளவும், ஒருவர் மாதிரியும் சோதனையும், ஒருவர் தொலைபேசியில் வலையமைப்பு இல்லாமல் அதை ஓட்டுவது. ‘அறிக்கை எழுதுவது’ என்பதை ஒருவருக்கான பங்காக வைக்கவே வேண்டாம். தனிநபர் புள்ளி போடும் வாய்மொழிப் பரீட்சையில் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, அவருடைய எட்டு மாத உழைப்பு கண்ணில் படாமல் போகும்.

விடுமுறைக்கு யார் எங்கே போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிற உறுப்பினர் ஓகஸ்டில் ஒரே நாளில் மலைக்கு வந்துவிட முடியாது. நான்கு பயணத்துக்கும் இருவர் இருவராகப் பெயரை இப்போதே குறியுங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்று ஆள் ஒருவரையும் குறியுங்கள்.

ஒருவர் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது? பல அணிகள் கடைசி மாதத்தில் முறையிடுகின்றன; அப்போது திணைக்களம் ஒன்றும் செய்ய முடியாது. தொடர்ந்து இரண்டு கிழமை பங்களிப்பு இல்லையென்றால் முதலில் அணிக்குள் பேசி லொக் புக்கில் எழுதுவது, மூன்றாவது கிழமையில் மேற்பார்வையாளரிடம் நால்வருமாகப் போவது என்று முன்கூட்டியே உடன்படுங்கள். சுகவீனமானால் மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அணியின் அன்பு அதற்கு ஈடாகாது.

ஒப்படைக்கும் கிழமை

கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: நால்வர், பிரதான மேற்பார்வையாளர், வெளி இணை மேற்பார்வையாளர், இணைப்பாளர். தலவாக்கலையில் இருப்பவரின் கையெழுத்துக்குப் போய்வர ஒரு முழு நாள், அதுவும் பாதை திறந்திருந்தால். ஸ்கான் செய்த கையெழுத்தோ, அவரது அலுவலக முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலோ போதுமா என்று இணைப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். படிவத்தின் உள்ளடக்கம் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு உறைந்துவிட வேண்டும். ஒருவர் கையெழுத்திட்ட பிறகு தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினாலும் எல்லாக் கையெழுத்தும் மறுபடி வாங்க வேண்டியதுதான்.

கோப்பின் பெயரைக் கைநூல் சொல்கிறபடி வையுங்கள். `G07_Proposal_Final_final2.pdf` போன்ற பெயர்கள் இணைப்பாளருக்குத் தலைவலி. எல்.எம்.எஸ். மூடிலில் இருந்தால், கோப்பை ஏற்றியதும் திரையில் `Draft (not submitted)` என்று நிற்கிறதா பாருங்கள். நின்றால் `Submit assignment` என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அழுத்தியபின் `Submitted for grading` என்று வர வேண்டும். அணிச் சமர்ப்பிப்பில் எல்லா உறுப்பினரும் தனித்தனியே அழுத்த வேண்டும் என்று அமைத்திருக்கவும் கூடும். அப்போது இன்னும் அழுத்தாதவர்களின் பெயர் அதே பக்கத்தில் `Users who need to submit` என்று தெரியும். ஒருவர் வீட்டில் மின்சாரம் இல்லாமல் இருந்தால் நால்வருடைய படிவமும் வரைவாகவே கிடக்கும். மழைக்கால மலையகத்தில் மின்சாரத்தையும் வலையமைப்பையும் இரவு 11 மணிக்கு நம்பக்கூடாது. கடைசி நாளுக்கு முதல்நாள் மத்தியானத்துக்குள் நால்வரும் அழுத்தி, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிந்தபின் மாற்ற நேர்ந்தால்

தோட்டம் மே மாதத்தில் மறுத்துவிட்டால் இரண்டாவது தோட்டத்துக்கு மாறுவது தலைப்பு மாற்றம் ஆகாது, ஏனென்றால் தலைப்பில் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இரண்டும் மறுத்தால் தரவு மூலம் மாறுகிறது. அதற்கு மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு மாற்றப் படிவம் வேண்டும். கைநூலிலிருந்து எழுதிவைத்த ஐந்தாவது விடயம், தலைப்பை மாற்றக் கடைசி நாள், இங்கேதான் பயன்படும். அந்த நாளுக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு திகதியை லொக் புக்கில் வட்டமிட்டு, அன்றைக்கு அனுமதிக் கடிதம் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் மாற்றப் படிவத்தை நிரப்பத் தொடங்குங்கள். பொதுத் தரவில் மார்ச் முதல் செய்த வேலை அப்போது வீணாகாது; மாற்றுத் தலைப்பு அதிலிருந்துதான் வரும்.